ஒன்பது வாக்கியம், ஐந்து நிமிடம்: ஈர்ப்பலை ஆய்வுச்சுருக்கம் மேடைக்கு வரும்போது

ஈர்ப்பலை கண்டறியப்பட்டதை உலகுக்கு அறிவித்த கட்டுரை 2016 பிப்ரவரியில் ‘ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் வந்தது. அதன் ஆய்வுச்சுருக்கம் ஒன்பதே வாக்கியங்கள். அந்த ஒன்பதையும் பலதுறை மாநாடு ஒன்றில் ஐந்து நிமிட மின்னல் உரையாக்குவதே இங்கே எடுத்துக்கொண்ட நிகழ்வு. அரங்கில் வேதியியலாரும் உயிரியலாரும் பொறியியல் மாணவர்களும் இருக்கிறார்கள். பேசுபவர் கட்டுரையாசிரியர்களில் ஒருவர் அல்லர். பேச்சு தமிழில். இந்த நிபந்தனைகள் ஒவ்வொன்றும் வாக்கியத்தின் வடிவத்தை மாற்றுகின்றன.

முதலில் மூலம் என்ன சொல்கிறது என்று வரிசையாகப் பார்ப்போம். 2015 செப்டம்பர் 14 அன்று உலகப் பொது நேரம் 09:50:45க்கு, ஈர்ப்பலையைத் தேடும் ஆய்வகமான லைகோவின் இரு கருவிகளும் ஒரே வேளையில் ஒரு சமிக்ஞையைக் கண்டன. அதன் அதிர்வெண் 35இலிருந்து 250 ஹெர்ட்ஸுக்கு ஏறியது. நீளம் எந்த விகிதத்தில் மாறியது என்பதைச் சொல்லும் திரிபு, உச்சத்தில் 1.0×10⁻²¹. இரு கருந்துளைகள் சுழன்று நெருங்கி ஒன்றாகி அடங்கும்போது பொதுச் சார்பியல் என்ன அலைவடிவத்தை எதிர்பார்க்கிறதோ, அதனுடன் இது பொருந்துகிறது. நான்காவது வாக்கியம் நம்பகத்தன்மையைச் சொல்கிறது: சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 24, பொய்யறிவிப்பு 2,03,000 ஆண்டுகளுக்கு ஒன்றுக்கும் குறைவு, புள்ளியியல் உறுதி 5.1 சிக்மாவுக்கும் மேல். பிறகு தொலைவு 410 மெகாபார்செக், செம்பெயர்ச்சி 0.09. பிறகு நிறைகள்: 36, 29, மோதலுக்குப் பின் 62, அலையாக வெளியேறியது 3.0, எல்லாம் சூரிய நிறைக் கணக்கில். ஏழாவது வாக்கியம் பிழை எல்லைகள் 90 சதவீத நம்பக இடைவெளி என்கிறது. எட்டாவது, விண்மீன் நிறையுள்ள கருந்துளை இணைகள் உண்டு என்பதை இது நிறுவுகிறது என்கிறது. ஒன்பதாவது வாக்கியம்தான் செய்தி: ஈர்ப்பலை நேரடியாகக் கண்டறியப்பட்டது இதுவே முதல்முறை, கருந்துளை இணை ஒன்றாவதைக் கண்டதும் இதுவே முதல்முறை.

படிப்பவருக்கு இந்த வரிசை சரியானது. அவர் சான்றை எடைபோட்டபடி வருகிறார். முடிவு கடைசியில் வந்தால் அதை நம்பும் நிலையில் இருப்பார். சந்தேகம் வந்தால் கண் மேலே போய்த் திரும்பும். காதுக்கு அந்த வசதி இல்லை. எதைப் பற்றிய எண் என்று தெரியாமல் காதில் விழும் எண் நினைவில் நிற்காது. கட்டுரை வெளியான 2016 பிப்ரவரி 11 அன்று வாஷிங்டனில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் லைகோவின் நிர்வாக இயக்குநர் டேவிட் ரைட்ஸி எடுத்த எடுப்பிலேயே சொன்னது, “ஈர்ப்பலைகளைக் கண்டறிந்துவிட்டோம்” என்பதைத்தான். ஆய்வுச்சுருக்கத்தின் ஒன்பதாவது வாக்கியம் மேடையில் முதல் வாக்கியமாகிவிட்டது.

நம் உரையும் அங்கேதான் தொடங்க வேண்டும். ஆனால் ரைட்ஸி சொன்ன ‘நாங்கள்’ நமக்குப் பொருந்தாது. அடுத்தவர் ஆய்வைப் பேசும்போது ‘கண்டோம்’ என்று வாய்தவறி வந்தால், கேள்வி நேரம் முழுக்க அதைத் திருத்துவதிலேயே போகும். தொடக்கம் இப்படி:

“2015 செப்டம்பர் 14, நம் நேரப்படி பிற்பகல் 3:20. முதன்முறையாக ஓர் ஈர்ப்பலை நேரடியாகப் பதிவானது. இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானதால் எழுந்த அலை அது. அப்படி ஒரு மோதலை அதற்கு முன் யாரும் கண்டதில்லை.”

இதில் வெட்டக் கூடாத சொல் ‘நேரடியாக’. 1974இல் கண்டுபிடிக்கப்பட்ட ஹல்ஸ்–டெய்லர் இரட்டை விண்மீன்களின் சுற்றுப்பாதை மெல்லச் சுருங்கிவந்தது. ஈர்ப்பலைகள் ஆற்றலைக் கொண்டுபோவதற்கு அது மறைமுகச் சான்றாக ஏற்கப்பட்டது. அந்த இரட்டையைக் கண்டுபிடித்தவர்களுக்கு 1993இல் நோபல் பரிசும் கிடைத்தது. ‘நேரடியாக’ இல்லாவிட்டால் முதல் வாக்கியமே தவறாகிவிடும். நொடிக்கணக்கை விடலாம், உலகப் பொது நேரத்தை நம் நேரமாக மாற்றலாம். இந்த ஒரு சொல்லை விட முடியாது.

அடுத்த சிக்கல் தமிழ் வாக்கியத்தின் இயல்பிலேயே இருக்கிறது. ஆங்கில ஆய்வுச்சுருக்கத்தை அப்படியே தமிழாக்கினால் எச்சங்கள் சங்கிலியாக நீளும்: “ஒன்றையொன்று சுற்றி நெருங்கி மோதிய, சூரியனைப் போல 36 மடங்கும் 29 மடங்கும் நிறை கொண்ட இரண்டு கருந்துளைகளால் உருவான, 35இலிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் ஏறிய சமிக்ஞை லைகோ கருவிகளால் பதிவு செய்யப்பட்டது.” இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் ‘சமிக்ஞை’ என்ற சொல் வரும்வரை கேட்பவர் நான்கு எண்களைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். அவை எதைச் சேர்ந்தவை என்று தெரியும்போது பாதி நழுவியிருக்கும். இதற்கான கைமுறை எளிது. பெயரை முன்னால் கொண்டுவந்து ஒரு வினைமுற்றோடு நிறுத்த வேண்டும். எச்சமாகத் தொங்கியது ஒவ்வொன்றையும் தனி வாக்கியமாக்கிப் பின்னால் வைக்க வேண்டும். ஒரு வாக்கியத்தில் ஓர் எச்சம் தாங்கும். இரண்டாவது வந்தால் அங்கே முற்றுப்புள்ளிக்கு இடமிருக்கிறது என்று கொள்ளலாம். உரக்கப் படித்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்: வினைமுற்றுக்கு முன் மூச்சு வாங்க வேண்டியிருந்தால் வாக்கியம் நீளம்.

கருவி பற்றி ஆய்வுச்சுருக்கத்தில் விளக்கமே இல்லை. இதழின் வாசகருக்குத் தேவையில்லை. நம் அரங்குக்குத் தேவை. ஆகவே உரையின் ஒரு நிமிடத்தை மூலத்தில் இல்லாத செய்திக்குக் கொடுக்க வேண்டும்:

“பெரும் நிறைகள் ஒன்றையொன்று வேகமாகச் சுற்றினால் அவற்றைச் சூழ்ந்த வெளியே அதிர்கிறது. அந்த அதிர்வு ஒளியின் வேகத்தில் பரவுகிறது. அதுதான் ஈர்ப்பலை. அது கடந்துபோகும்போது ஒரு திசையில் நீளம் சற்றுக் கூடும். குறுக்குத் திசையில் சற்றுக் குறையும். அதை அளக்கக் கட்டியதுதான் லைகோ. அமெரிக்காவில், 3000 கிலோமீட்டர் இடைவெளியில், இரண்டு நிலையங்கள். ஒவ்வொன்றிலும் செங்கோணத்தில் இரண்டு கைகள். ஒரு கையின் நீளம் 4 கிலோமீட்டர். இரு கைகளிலும் லேசர் ஒளி போய்த் திரும்புகிறது. நீளம் மாறினால், திரும்பி வந்து சேரும் ஒளி அதைக் காட்டிவிடும். அன்று எவ்வளவு மாறியது? ஒரு புரோட்டானின் விட்டத்தை நானூறு பங்காக்கினால், அதில் ஒரு பங்கு.”

கடைசி வாக்கியம்தான் ‘திரிபு 1.0×10⁻²¹’ என்பதன் பேச்சு வடிவம். திரிபு ஒரு விகிதம்; அதற்கு அலகு கிடையாது. ‘பத்தின் அடுக்கு கழித்தல் இருபத்தொன்று’ என்று வாயால் சொன்னால் அரங்கில் யாருக்கும் எதுவும் தோன்றாது. 4 கிலோமீட்டரால் பெருக்கினால் 4×10⁻¹⁸ மீட்டர். புரோட்டானின் விட்டம் ஏறத்தாழ 1.7×10⁻¹⁵ மீட்டர். வகுத்தால் நானூற்றுச் சொச்சம். மிக அருகிலுள்ள விண்மீன் வரையான தூரம் ஒரு தலைமுடிப் பருமனுக்கும் குறைவாக மாறுவதுபோல என்றும் பலர் சொல்வதுண்டு. கணக்கு சரிதான்: நான்கு ஒளியாண்டுச் சொச்சத்தை அதே விகிதத்தால் பெருக்கினால் 40 மைக்ரோமீட்டர் வருகிறது. ஆனால் ஐந்து நிமிடத்தில் இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம், புரோட்டானே மேல் என்பது எங்கள் முடிவு. அது கருவிக்குள் உண்மையிலேயே நடந்த மாற்றம். விண்மீன் ஒப்பீட்டில், கருவி விண்மீனைத்தான் அளந்தது என்று எடுத்துக்கொள்பவர்கள் இருப்பார்கள். அந்தத் தவறைத் திருத்த நேரம் இருக்காது.

அடுத்தது படமும் ஒலியும். கட்டுரையின் முதல் படத்தில் பல பகுதிகள் உண்டு. ஸ்லைடில் மேல் வரிசையை மட்டும் வெட்டி வைக்க வேண்டும்: ஹான்ஃபோர்டு வளைவு, லிவிங்ஸ்டன் வளைவு, அவ்வளவே.

“இந்த இரண்டு வளைவுகளைப் பாருங்கள். முதலில் லூசியானாவின் லிவிங்ஸ்டனில் வந்தது. ஏழு மில்லிநொடி கழித்து வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில் வந்தது. வடிவம் ஒன்றே. வலப்பக்கம் போகப்போக வளைவுகள் நெருங்குகின்றன. நொடிக்கு 35 முறை என்றிருந்த அதிர்வு 250 முறை வரை ஏறுகிறது. எல்லாம் ஐந்தில் ஒரு நொடிக்குள். அதை ஒலியாக மாற்றினால் இப்படிக் கேட்கும். சுருதியைக் கொஞ்சம் உயர்த்தியிருக்கிறார்கள்.”

ஆய்வுச்சுருக்கம் ‘ஒரே வேளையில்’ என்கிறது. உரை ‘ஏழு மில்லிநொடி கழித்து’ என்கிறது. இரண்டும் முரண் அல்ல. ஒளி இரு நிலையங்களுக்கும் இடையே நேராகப் போக 10 மில்லிநொடி ஆகும். எனவே ஒரே அலை இரண்டையும் தொட்டிருந்தால் இடைவெளி பத்துக்குள்தான் இருக்க முடியும். ஏழு அதற்குள் அடங்குகிறது. மேடையில் இந்த எண்ணைத் தேர்ந்தது அதற்காகத்தான். யாராவது கேட்டால் அதுவே ஒரு சான்றாகிறது.

ஒலிதான் பெரும்பாலும் சொதப்பும் இடம். 35 ஹெர்ட்ஸை மடிக்கணினியின் சின்ன ஒலிபெருக்கியால் எழுப்ப முடியாது; 250க்கு அருகில் மட்டும் ஒரு ‘டப்’ கேட்கும், ஏற்றம் கேட்காது. லைகோவின் பொதுத் தரவுத் தளத்தில் 400 ஹெர்ட்ஸ் மேலே தள்ளிய வடிவமும் கிடைக்கிறது. அரங்குக்கு அதுவே ஏற்றது. தள்ளியிருப்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் ‘250 வரைதானே ஏறியது என்றீர்கள்’ என்று காது கூர்மையானவர் கேட்பார். ஐந்தில் ஒரு நொடி என்பது செவி கவனிப்பதற்குள் முடிந்துவிடும் நேரம், ஆகவே மூன்று முறை தொடர்ந்து ஒலிக்கும்படி ஒரே கோப்பாகச் செய்துகொள்வது நல்லது. மின்னல் உரை அமர்வுகளில் எல்லோருடைய ஸ்லைடுகளையும் ஒரே கணினியில் சேர்த்துவிடுவார்கள். வெளிக்கோப்பாக இணைத்த ஒலி அப்போது அறுந்துபோகும். ஒலியை ஸ்லைடுக்குள்ளேயே பதித்திருக்க வேண்டும்; அதுவும் கைவிட்டால் வாயாலேயே கீழிருந்து மேலே ‘வூப்’ என்று ஒருமுறை ஏற்றிக்காட்டிவிட்டு நகர வேண்டும். கணினியோடு போராடும் பதினைந்து நொடி அடுத்த பகுதியிலிருந்து வெட்டப்படும். அடுத்த பகுதியோ உரையின் உயிர்:

“எவ்வளவு வேகமாக அந்தச் சுருதி ஏறுகிறது என்பதிலிருந்தே கருந்துளைகளின் நிறையைக் கணிக்கலாம். ஒன்று, 36 சூரியன்களின் நிறை. மற்றது, 29. கூட்டுங்கள். 65. மோதியபின் மிஞ்சியது ஒரே கருந்துளை. அதன் நிறை, 62. மீதி மூன்று எங்கே? மூன்று சூரியன்களின் நிறை ஆற்றலாக மாறி ஈர்ப்பலையாக வெளியேறியது. இந்த நிறைகள் ஒவ்வொன்றிலும் நான்கைந்து சூரியன்கள் முன்பின் இருக்கலாம். ஆனால் அந்த மூன்றில், முன்பின் அரைச் சூரியன்தான்.”

ஆய்வுச்சுருக்கத்தின் ஆறாவது வாக்கியத்தில் இந்தக் கழித்தல் ஒளிந்திருக்கிறது. மூலம் அதைச் செய்துகாட்டுவதில்லை. மேடையில் அதைக் கேட்பவர் கையில் கொடுத்துவிட்டால், மூன்று எண்களும் ஒரு கணக்கின் உறுப்புகளாகிவிடுகின்றன. தனித்தனியாக நினைவில் வைக்கத் தேவையில்லை. ‘65’ என்று சொன்னபின் ஒரு மூச்சு நிறுத்தம், ‘மீதி மூன்று எங்கே?’ என்றபின் முழுதாக இரண்டு நொடி. ஸ்லைடிலும் கணக்கு ஒவ்வொரு வரியாக வர வேண்டும். மொத்தமும் ஒரே நேரத்தில் தெரிந்தால் அரங்கு முன்னாலேயே படித்துவிடும், கேள்வி செத்துப்போகும்.

இங்கே எளிமை எளிதில் பொய்யாகிவிடும். ‘மூன்று சூரியன்கள் வெடித்துச் சிதறின’ என்று சொல்ல நா துடிக்கும். எந்தச் சூரியனும் வெடிக்கவில்லை. அங்கே விண்மீனே இல்லை. ‘சூரியன்களின் நிறை’ என்பதில் ‘நிறை’ போய்விட்டால் கேட்பவர் மனத்தில் அந்தப் படம்தான் விழும். ஆறாவது வாக்கியத்தில் உள்ள, ‘அலை எழுந்த இடத்தின் சட்டகத்தில்’ என்று பொருள்படும் தொடரை விட்டுவிட்டோம். அலை வரும் வழியில் விரிந்துவிடுவதால் கருவியில் நிறைகள் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுதலாகத் தெரியும். ஆய்வுச்சுருக்கம் அதைத் திருத்தியே 36, 29 என்கிறது. நாமும் திருத்திய எண்ணையே சொல்கிறோம் என்பதால் விட்டதில் பொய் இல்லை.

பிறகு நம்பகத்தன்மை. நான்காவது வாக்கியத்தின் மூன்று எண்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். 5.1 சிக்மா என்பதும் 2,03,000 ஆண்டு என்பதும் ஒரே கூற்றின் இரு வடிவங்கள். சிக்மா துகள் இயற்பியலாருக்குப் பழக்கம், உயிரியலாருக்குப் பழக்கமில்லை. ஆண்டுக்கணக்கு எல்லோருக்கும் புரியும், ஆனால் எளிதில் தவறாகவும் புரியும். ‘இது 2 லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் நிகழ்வு’ என்று ஒரு சொல் சறுக்கினால், கருந்துளை மோதலே அவ்வளவு அரிது என்று அரங்கு எடுத்துக்கொள்ளும். எண் பேசுவது மோதலைப் பற்றி அல்ல, இரைச்சலைப் பற்றி. எனவே வாக்கியத்தின் எழுவாய் இரைச்சலாகவே இருக்க வேண்டும்:

“இது வெறும் இரைச்சலாக இருந்திருக்கலாமே? லாரி போனாலும், தொலைவில் கடலலை அடித்தாலும் தரை அதிரும். ஆனால் இரண்டு நிலையங்களிலும் இரைச்சல் தற்செயலாக இவ்வளவு வலுவாக ஒத்துப்போவது, 2 லட்சம் ஆண்டுக்கு ஒருமுறைகூட நடக்காது. அதோடு, இந்த வடிவம் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கணக்கோடு பொருந்துகிறது. விண்மீன் அளவு நிறையுள்ள கருந்துளைகள் இணைகளாக இருக்கின்றன என்பதை இது காட்டிவிட்டது. அவை மோதியது நூறு கோடி ஒளியாண்டு தொலைவில். ஏறத்தாழ அவ்வளவு காலத்துக்கு முன்னால்.”

‘விண்மீன் அளவு நிறையுள்ள’ என்பது நீளமாகத்தான் இருக்கிறது. இருந்தும் நிற்க வேண்டும். விண்மீன் மண்டலங்களின் நடுவிலுள்ள பெருங்கருந்துளைகள் பற்றி இந்தக் கட்டுரை எதையும் நிறுவவில்லை. தொலைவில் மட்டும் எண்ணை வேண்டுமென்றே தளர்த்தியிருக்கிறோம். 410 மெகாபார்செக் என்றால் சுமார் 130 கோடி ஒளியாண்டு. ஆனால் பிழை எல்லை கூட்டல் 160, கழித்தல் 180; அதாவது 75 கோடியிலிருந்து 185 கோடி வரை எதுவாகவும் இருக்கலாம். இவ்வளவு அகலமான அளவுக்கு ‘நூறு கோடி’ என்ற முழு எண்ணே நேர்மையானது. 130 என்றால் அந்த முப்பதையும் அளந்ததுபோல் ஒலிக்கும்.

இந்தப் பகுதியில் இன்னொரு சறுக்கல் காத்திருக்கிறது. முன்பே கணக்கிட்டு வைத்த சுமார் இரண்டரை லட்சம் அலைவடிவங்களோடு தரவை ஒப்பிட்டுத்தான் 24 என்ற விகிதம் கிடைத்தது. இதைக் கதையாக்கி, ‘கணினி அந்த வடிவங்களோடு ஒப்பிட்டு இதைக் கண்டுபிடித்தது’ என்று சேர்க்கத் தோன்றும். அது வரலாற்றைத் திரிப்பது. குறிப்பிட்ட வடிவம் எதையும் எதிர்பாராமல் பொதுவாகத் துடிப்புகளைத் தேடும் வேறொரு முறைதான், தரவு பதிவான மூன்று நிமிடத்துக்குள் முதலில் எச்சரித்தது. ஒப்பீடு பின்னால் வந்தது. ஆய்வுச்சுருக்கம் எது முதலில் என்று சொல்லவே இல்லை. அவசரமாக ஒரு காரண வினையைச் சேர்த்தால் மூலத்தில் இல்லாத கூற்று ஒன்று பிறந்துவிடும். இதைப் பிடிக்க ஒரே வழி, உரை முடிந்தபின் பின்னோக்கிச் சரிபார்ப்பது: உரையின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில், அது மூலத்தின் எந்த வாக்கியத்திலிருந்து வந்தது என்று எண் இட வேண்டும். எண் கிடைக்காத வாக்கியங்களைக் கட்டுரையின் உட்பகுதியில் தேட வேண்டும். அங்கேயும் இல்லையென்றால் அடித்துவிட வேண்டும். இந்த உரையில் கருவி விளக்கமும் ஏழு மில்லிநொடியும் அப்படி உட்பகுதியிலிருந்து வந்தவை.

நேரக் கணக்கு. தமிழ்ச் சொற்கள் விகுதி சேர்ந்து நீள்வதால் ஆங்கிலத்தில் சொல்லப்படும் நிமிடத்துக்கு 130 அல்லது 150 சொல் என்ற அளவு நமக்கு உதவாது. புதிய பொருளை நிதானமாக விளக்கும்போது 70 முதல் 90 சொல் என்று வைத்துக்கொண்டு, சொந்த வேகத்தை ஒரு நிமிடம் உரக்கப் படித்து அளந்துகொள்வது நல்லது. மேலே உள்ள பகுதிகள் நிறுத்தங்களோடும் ஒலியோடும் நான்கு நிமிடத்தை ஒட்டி முடியும். மீதமுள்ளதை நிரப்பக் கூடாது. மேடையேறவும் ஒலிவாங்கியைச் சரிசெய்யவும் முக்கால் நிமிடம் தானாகப் போய்விடும். பின்தங்கினால் வெட்ட வேண்டியதை முன்பே குறித்து வைக்க வேண்டும்: கருவிப் பகுதியில் ஈர்ப்பலை பரவும் வேகமும் லேசர் வாக்கியமும் போகலாம். இரைச்சல் பற்றிய கேள்வியும் பதிலும் போகக் கூடாது. அவை இல்லையென்றால் மீதி எல்லாம் வெறும் அறிவிப்பாகிவிடும்.

கேள்வி நேரத்தில் கவனமாகக் கேட்டவர் ஒருவர் நிச்சயம் கேட்பார்: “36இலும் 62இலும் நான்கைந்து பிழை இருக்கும்போது, வித்தியாசம் மட்டும் எப்படி 3, அதுவும் பிழை அரைதான்?” கழித்தலை மேடையில் செய்துகாட்டியதன் விளைவு இந்தக் கேள்வி, அதற்குப் பதிலை முப்பது நொடியில் தயாராக வைத்திருக்க வேண்டும். இந்த நிறைகள் தனித்தனி தராசில் எடைபோட்டவை அல்ல. எல்லாம் ஒரே அலையிலிருந்து ஒன்றாகக் கணிக்கப்பட்டவை. தொடக்க நிறைகள் சற்றுக் கூடுதலாக இருந்தால் இறுதி நிறையும் கூடவே கூடும். குறைந்தால் கூடவே குறையும். பிழைகள் கைகோத்து நகர்வதால் வித்தியாசத்தில் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. 2 லட்சம் ஆண்டை யார் காத்திருந்து அளந்தார்கள் என்பது அடுத்த கேள்வி. 16 நாள் தரவில், ஒரு நிலையத்தின் பதிவை மற்றதற்கு எதிராக 10 மில்லிநொடிக்கு மேல் நகர்த்திவிட்டால், பிறகு கிடைக்கும் ஒத்துப்போதல் எதுவும் உண்மை அலையாக இருக்க முடியாது. இரைச்சலின் தற்செயல் மட்டுமே. வெவ்வேறு அளவில் திரும்பத் திரும்ப நகர்த்தினால் லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு ஈடான இரைச்சல் தரவு சேர்ந்துவிடும். அதில் எங்கும் இந்த அளவு வலுவான பொருத்தம் கிடைக்கவில்லை. அதனால்தான் ஆய்வுச்சுருக்கம் 2,03,000 ஆண்டுக்கு ஒன்று என்று சொல்லாமல் ‘ஒன்றுக்கும் குறைவு’ என்கிறது. மேடையில் ‘ஒருமுறைகூட’ என்று சொல்வதும் அதனால்தான்.